நான்கு பங்குதாரர்கள், நான்கு கருத்துகள், ஒரே டிசைன்: முரண்படும் கருத்துகளை வரிசைப்படுத்திய ஒரே மாற்றப் பட்டியலாக்குவது எப்படி

குடும்பத் தொழில் ஒன்றுக்கு வெப்சைட் டிசைன் செய்து அனுப்பினால் பதில் ஒருவரிடமிருந்து மட்டும் வராது. அப்பா ஒன்று சொல்வார், மூத்த மகன் அதற்கு நேர்மாறாகச் சொல்வார், மகள் அந்த இரண்டையும் விட்டுவிட்டு வேறொன்றைப் பிடித்துக்கொள்வார், மருமகள் எல்லார் முன்னாலும் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு ராத்திரி தனியாக நீளமான மெசேஜ் ஒன்று அனுப்புவார். நான்கு பேரும் முதலாளிகள், நான்கு பேருக்கும் பங்கு இருக்கிறது. புதிதாக இந்த வேலைக்கு வந்தவர்கள் வழக்கமாக இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். கடைசியாகப் பேசியவர் சொன்னதைச் செய்வார்கள், இல்லை என்றால் எல்லார் சொன்னதையும் கொஞ்சம் கொஞ்சம் செய்து யாருக்கும் பிடிக்காத ஒன்றைத் திருப்பி அனுப்புவார்கள். இரண்டையும் நான் செய்திருக்கிறேன். அதற்குப் பதிலாக இப்போது நான் பின்பற்றும் முறையை, ஒரே ஒரு வேலையை உதாரணமாக வைத்து, முதலிலிருந்து கடைசி வரை எழுதுகிறேன்.

உதாரணம் இதுதான். ஆர்டரின் பேரில் மேசை, அலமாரி, கட்டில் செய்து தரும் ஒரு குடும்பப் பட்டறை. அப்பா தொழிலைத் தொடங்கியவர். மூத்த மகன் பட்டறையைப் பார்க்கிறார், எந்தச் சாமானுக்கு என்ன விலை என்று கணக்குப் போடுவதும் அவர்தான். மகள் வாடிக்கையாளர்களிடம் ஃபோனில் பேசுகிறார். மருமகள் டெலிவரியும் கணக்கும் கவனிக்கிறார். முகப்புப் பக்கம், ஒரு பொருளின் பக்கம், விலை கேட்கும் படிவம் ஆகிய மூன்றையும் வரைந்து அனுப்பினேன். ஐந்து நாட்களில் 31 மெசேஜ் வந்தது, அதில் வாய்ஸ் மெசேஜும் ஸ்கிரீன்ஷாட்டும் அடக்கம்.

டிசைனைக் காட்டுவதற்கு முன்பே இரண்டு விஷயங்களை எழுதி வாங்குங்கள்

முதலாவது, இந்தப் பக்கம் எதற்கு என்று ஒரே ஒரு வாக்கியம். எங்கள் உதாரணத்தில் அது இப்படி இருந்தது: "பக்கத்துக்கு வருபவர் எங்கள் சாமான்களைப் பார்த்து, தனக்கு வேண்டியதைத் தேர்ந்து, விலை கேட்டுப் படிவம் அனுப்ப வேண்டும்." அவ்வளவுதான். "நம்ம பெருமை தெரியணும்", "மாடர்னா இருக்கணும்" மாதிரி வாக்கியங்களை வைத்துக்கொண்டு பின்னால் எதையும் அளக்க முடியாது. வருகிறவர் என்ன செய்ய வேண்டும் என்று அந்த வாக்கியம் சொல்ல வேண்டும். நான்கு பேரும் இதற்குச் சரி சொன்ன பிறகுதான் நான் படத்தைக் காட்டுவேன், ஏனென்றால் வரிசைப்படுத்தும்போது என் கையில் இருக்கும் ஒரே அளவுகோல் இதுதான்.

இரண்டாவது, எந்த விஷயத்தில் யார் சொல்வது முடிவு என்பது. குடும்பத்தில் இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும், "எல்லாரும் சேர்ந்துதான் முடிவெடுப்போம்" என்றுதான் பதில் வரும். அதனால் நான் "யார் பெரியவர்" என்ற மாதிரி கேட்பதே இல்லை, "இதில் சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடட்டும்" என்றுதான் கேட்பேன். அளவு, மரம், விலை பற்றி மூத்த மகன். வாடிக்கையாளரிடம் பேசும் வார்த்தைகள் பற்றி மகள். டெலிவரி நாட்கள் பற்றி மருமகள். தொழிலின் பெயர், லோகோ, நிறம், வரலாறு பற்றி அப்பா. இரண்டு பேர் எல்லைக்குள் வரும் விஷயத்தில் முடிச்சு விழுந்தால் அப்பா. இப்படிக் கேட்டால் யாரும் தங்களைக் குறைத்ததாக நினைப்பதில்லை, ஒவ்வொருவருக்கும் தனக்குத் தெரிந்த இடம் கிடைத்துவிடுகிறது.

கருத்தைத் தனித்தனியாக வாங்குங்கள்

நால்வரையும் ஒரே வீடியோ காலில் உட்கார வைத்துக் கருத்துக் கேட்காதீர்கள். ஆரம்பத்தில் ஒரு வேலையில் அப்படிச் செய்தேன். ஒன்றரை மணி நேரம் ஓடியது, வீட்டுப் பெரியவர் பேசினார், மற்றவர்கள் தலையாட்டினார்கள், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். கால் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் மூன்று பேரிடமிருந்து தனித்தனியாக மெசேஜ், மூன்றும் அந்தக் காலில் முடிவானதற்கு எதிரானவை. பெரியவர் முன்னால் மறுத்துப் பேச முடியாத வீடுகளில் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது.

அதனால் ஒவ்வொருவருக்கும் அதே டிசைனை, அதே நாளில், அதே கேள்விகளோடு தனியாக அனுப்புங்கள். கடைசி நாள் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். டைப் அடிக்கப் பிடிக்காதவரிடம் பதினைந்து நிமிடம் ஃபோனில் பேசி நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அப்பாக்களிடம் பெரும்பாலும் இதுதான் வேலைக்கு ஆகும். "பிடிச்சிருக்கா?" என்று கேட்க வேண்டாம், அதற்கு வரும் பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நான் கேட்பது மூன்றுதான்: எந்த இடத்தில் நின்றுவிட்டீர்கள்? அங்கே என்ன தொந்தரவு? அந்தத் தொந்தரவு உங்களுக்கா, வாடிக்கையாளருக்கா? மூன்றாவது கேள்விக்கு நேர்மையான பதில் வந்துவிட்டால் பின்னால் பாதி வேலை குறையும்.

டிசைனின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு எண் போட்டு அனுப்புவது நல்லது. "மேல இருக்கிறது", "அந்தக் கட்டம்" என்று சொல்வதை நாம் ஊகிக்க வேண்டியிருக்காது. பதிப்பு எண்ணும் படத்திலேயே தெரிய வேண்டும். கருத்து வாங்கி முடிக்கும் வரை அந்தப் பதிப்பைத் தொடாதீர்கள். நடுவில் சின்னதாக ஒன்றைத் திருத்தி ஒருவருக்கு மட்டும் அனுப்பினால், அடுத்த நாள் இரண்டு பேர் இரண்டு வேறு படங்களைப் பற்றிச் சண்டை போடுவார்கள், அதைக் கண்டுபிடிக்கவே அரை நாள் போய்விடும்.

இன்னொன்றையும் மறக்காமல் கேளுங்கள்: எதில் பார்த்தீர்கள், ஃபோனிலா லேப்டாப்பிலா? எங்கள் உதாரணத்தில் அப்பா "எழுத்து ரொம்பச் சின்னது" என்றார், மகள் "எழுத்து ரொம்பப் பெரிசு, கத்துற மாதிரி இருக்கு" என்றார். கேட்டால் நேரடி மோதல். ஆனால் அப்பா ஃபோனில் பொருள் விவரத்தைப் படித்திருந்தார், அங்கே எழுத்து 14 பிக்சல். மகள் பெரிய திரையில் முகப்புத் தலைப்பைப் பார்த்திருந்தார், அது 64 பிக்சல். இரண்டு பேர் சொன்னதும் சரி, இரண்டும் வேறு வேறு எழுத்து. ஃபோனில் விவர எழுத்தை 16 ஆக்கி, பெரிய திரையில் தலைப்பை 44க்கு இறக்கினால் இருவருக்கும் தீர்ந்தது. முரண்பாடு மாதிரி தெரிகிற எதையும் முரண்பாடு என்று எழுதுவதற்கு முன்னால் இருவரும் ஒரே இடத்தை, ஒரே திரையில் பார்த்தார்களா என்று சரிபாருங்கள். கணிசமான அளவு இங்கேயே உதிர்ந்துவிடும்.

ஒரு வரிக்கு ஒரு கருத்து

இப்போது ஒரு ஷீட்டைத் திறந்து வந்த எல்லாவற்றையும் அதில் கொட்டுங்கள். ஒரு வாய்ஸ் மெசேஜில் ஐந்து விஷயம் இருக்கலாம், அது ஐந்து வரி. மூன்று மெசேஜில் ஒரே விஷயத்தை ஒருவரே மூன்று முறை சொல்லியிருக்கலாம், அது ஒரு வரி. இப்படிப் பிரித்ததில் என்னுடைய 31 மெசேஜ் 24 வரியாக வந்தது. பத்திகள் எண், யார், எந்த இடம், எந்தத் திரை, அவர் சொன்ன வார்த்தை, அடியில் இருக்கும் பிரச்சனை என்று ஆறு போதும்.

"அவர் சொன்ன வார்த்தை" என்ற பத்தியில் அவர் சொன்னதையே போடுங்கள், நாகரிகமாக மாற்றி எழுத வேண்டாம். "சப்புன்னு இருக்கு" என்றால் "சப்புன்னு இருக்கு" என்றே. பின்னால் பிரச்சனையைத் தவறாகப் புரிந்துகொண்டீர்கள் என்றால் திரும்பிப் போய்ப் பார்க்க மூலம் வேண்டும்.

குடும்ப வேலைகளில் மட்டும் அதிகமாக வரும் ஒரு வகை உண்டு, தூது வந்த கருத்து. "அப்பாவுக்கு இந்த நிறம் பிடிக்கலையாம்" என்று மகன் சொல்வார். அதை அப்பாவின் வரியாக எழுதாதீர்கள், மகனின் வரியாக எழுதி ஓரத்தில் குறி போட்டுவிட்டு அப்பாவிடம் நேரே கேளுங்கள். "நிறம் எப்படி இருக்குங்க?" என்று பொதுவாகக் கேட்டால் போதும், மகன் சொன்னார் என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்கு இந்த வேலையில் அப்பா சொன்னது, "நிறத்துக்கு என்ன, எழுத்துதான் மங்கலா இருக்கு." மகன் பொய் சொல்லவில்லை. மங்கல் என்பது அவர் காதில் நிறமாக விழுந்திருக்கிறது.

"நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்று வரும் கருத்தையும் ஷீட்டில் ஏற்றுங்கள். பெயர்ப் பத்தி உங்களிடம் மட்டும் இருக்கும், வெளியே போகும் பட்டியலில் யார் பெயரும் இருக்காது. இதை எல்லாரிடமும் முதலிலேயே சொல்லிவிட்டால் மருமகளின் ராத்திரி மெசேஜ் பகலிலேயே வந்துவிடும்.

சொன்ன தீர்வுக்கு அடியில் இருக்கும் பிரச்சனையைத் தோண்டுங்கள்

இதுதான் இந்த வேலையின் நடுப்பகுதி, அவசரப்பட வேண்டாம். மக்கள் பிரச்சனையைச் சொல்வதில்லை, தங்களுக்குத் தோன்றிய தீர்வைத்தான் சொல்கிறார்கள். "லோகோவைப் பெரிசாக்கு", "சிவப்பு பட்டன் வை", "இதைத் தூக்கு". இரண்டு தீர்வுகள் ஒன்றோடொன்று மோதும், ஆனால் அவற்றுக்கு அடியில் இருக்கும் இரண்டு பிரச்சனைகள் பெரும்பாலும் மோதுவதில்லை, பக்கத்துப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்.

லோகோவையே எடுத்துக்கொள்வோம். அப்பா பெரிதாக்கச் சொன்னார். மருமகள், தனி மெசேஜில், "லோகோ இடத்தை அடைக்குது, சின்னதாக்குங்க" என்றார். இந்த இடத்தில் நடுவளவு லோகோ போட்டால் இருவருக்கும் எரிச்சல்தான் மிஞ்சும். அதற்குப் பதில் இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: "அப்படி மாத்தினா என்ன சரியாகும்?" அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "இது யாரோட பட்டறை, எத்தனை வருஷமா நடக்குதுன்னு பார்க்கிறவங்களுக்கு ஒண்ணுமே தெரியலையே" என்றார். மருமகள் சொன்னது, "ஃபோன்ல திறந்தா கட்டிலும் மேசையும் கண்ணுக்கே படலை, லோகோதான் தெரியுது, கீழ இழுத்தாத்தான் சாமான் வருது." ஃபோனில் திறந்து பார்த்தேன். மேல்பட்டை 140 பிக்சல் உயரம், அதற்குக் கீழே பெரிய தலைப்பு, முதல் திரையில் ஒரு மரச்சாமான்கூட இல்லை. அவர் சொன்னது அப்படியே உண்மை.

ஆக, இரண்டு பிரச்சனை. ஒன்று, யார் செய்கிறார்கள் என்று தெரியவில்லை. இன்னொன்று, முதல் திரையில் பொருள் தெரியவில்லை. மேல்பட்டையை 64 பிக்சலுக்கு இறக்கி, லோகோவை அதற்குள் அடக்கி, தலைப்புக்குக் கீழே பட்டறை தொடங்கிய வருடத்தையும் பட்டறையில் எடுத்த ஒரு சின்னப் படத்தையும் ஒரே வரியில் வைத்தால் இரண்டும் தீரும். லோகோ சின்னதானதைப் பற்றி அப்பா அதற்குப் பிறகு ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, ஏனென்றால் அவருக்கு வேண்டியது லோகோவின் அளவே இல்லை.

படிவத்திலும் இதே கதைதான். அதில் 9 பெட்டி இருந்தது. மகள் "படிவத்தைச் சின்னதாக்குங்க, யாரும் முழுசா நிரப்ப மாட்டாங்க" என்றார். மூத்த மகன் "இன்னும் ரெண்டு பெட்டி சேருங்க, மரவகையும் பாலிஷும் தெரியாம எப்படி விலை சொல்றது" என்றார். தோண்டிப் பார்த்தால் மகளின் கவலை, பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர்கள். மகனின் கவலை, அரைகுறைத் தகவலை வைத்துத் திரும்பத் திரும்ப ஃபோன் செய்வது. படிவத்தை இரண்டு படியாகப் பிரித்தோம். முதல் படியில் பெயர், ஃபோன் எண், எந்தச் சாமான் என்ற மூன்று மட்டும். அதை அழுத்தியதும் தகவல் சேமிக்கப்பட்டுவிடும். இரண்டாம் படியில் அளவு, மரம், பாலிஷ் எல்லாம், "தெரிந்தால் நிரப்புங்கள்" என்று. இரண்டாம் படியில் ஒருவர் விட்டுவிட்டுப் போனாலும் மகளிடம் ஃபோன் எண் இருக்கிறது.

நீங்கள் தோண்டியது சரியா என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. பிரச்சனையை உங்கள் வார்த்தையில் எழுதி அவருக்கே ஒரு வரியில் அனுப்புங்கள்: "நீங்க சொல்றது இதுதானே?" என்று. "ஆமா, அதேதான்" என்று வந்தால் சரி. "அதுவும்தான்..." என்று இழுத்தால் இன்னும் அடி தட்டவில்லை. அதே கருத்து மூன்றாவது முறை வேறு வேடத்தில் வருகிறது என்றாலும், அவர் பிடிவாதம் பிடிக்கிறார் என்று நினைக்காதீர்கள், பிரச்சனைக்கு நீங்கள் வைத்த பெயர் தவறு.

எல்லா வரியும் வரிசைக்குப் போகாது

24 வரியும் 9 பிரச்சனையாகச் சுருங்கின. எழுத்து அளவு விவகாரம் மங்கல் எழுத்தோடு சேர்ந்து "படிக்க முடியவில்லை" என்று ஒன்றானது, இப்படி. இந்த ஒன்பதையும் உடனே வரிசைப்படுத்தக் கூடாது, முதலில் நான்கு குவியலாகப் பிரியுங்கள்.

பிழைகள் ஒரு குவியல். மேசையின் நீளம் 180 செ.மீ. என்பதற்குப் பதில் 108 என்று இருந்தது, படிவம் பழைய மின்னஞ்சல் முகவரிக்குப் போனது. இதற்கு யார் சம்மதமும் வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம், இன்றே திருத்துங்கள்.

அடுத்தது, நோக்கத்தைத் தடுக்கும் பிரச்சனைகள். வரிசை இவற்றுக்குத்தான்.

மூன்றாவது, ரசனை. பின்னணி நிறத்துக்கு அப்பா பழுப்பு என்றார், மகன் வெள்ளை என்றார், மருமகள் இளம்பச்சை என்றார். யாரிடம் தோண்டினாலும் அடியில் ஒன்றும் இல்லை, அவரவருக்குப் பிடித்த நிறம். இதைக் கலந்து பிசையாதீர்கள். நிறத்துக்கு முடிவு சொல்பவர் அப்பா என்று முதலிலேயே எழுதியிருக்கிறோம், அவரிடம் இரண்டு படம் காட்டி ஒன்றை வாங்கிவிடுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை, எழுத்து படிக்கும்படி இருக்கிறதா என்பது ரசனைக் குவியலில் வராது, அதை அளக்க முடியும். வலை அணுகல் விதிமுறைப்படி சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாடு வேண்டும். என் டிசைனில் வெள்ளை மேல் `#999999` சாம்பல் எழுத்து, அது 2.85தான் வரும். அப்பா "மங்கலா இருக்கு" என்றது அவர் வயதின் குறை இல்லை, என் தவறு. `#767676` வைத்தால் 4.54, தேறிவிடும், நான் இன்னும் கொஞ்சம் அடர்த்தியாகவே வைத்தேன்.

நான்காவது குவியல்தான் உண்மையான முரண்பாடு. பொருள் பக்கத்தில் விலை போட வேண்டும் என்றார் மகள், தினமும் பத்துப் பேர் ஃபோன் செய்து விலையைக் கேட்டதும் வைத்துவிடுகிறார்கள் என்பது அவர் அனுபவம். விலை போடவே கூடாது என்றார் மகன், மரத்தின் விலை ஏறி இறங்கும், ஒவ்வொரு ஆர்டரும் வேறு அளவு, போட்ட விலையைப் பிடித்துக்கொண்டு பேரம் பேசுவார்கள் என்று. எவ்வளவு தோண்டினாலும் இரண்டும் மோதுகின்றன. இது டிசைன் பற்றிய கேள்வியே இல்லை, தொழிலை எப்படி நடத்துவது என்ற கேள்வி. புதியவர்கள் இங்கே நடுவராகப் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம். அண்ணன் தங்கைக்கு நடுவில் நீங்கள் ஒரு பக்கம் சாய்ந்ததாகத் தெரிந்தால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் மற்றவர் நம்ப மாட்டார். இதை "முடிவுக்குக் காத்திருப்பது" என்று தனியாக வைத்து, இரண்டு வழியையும் அவற்றின் சாதகபாதகத்தோடு அரைப்பக்கத்தில் எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். மூன்றாவது வழியாக ஒரு சோதனையும் எழுதினேன்: அளவு மாறாத மூன்று பொருளுக்கு மட்டும் "இந்த விலையிலிருந்து" என்று போட்டு நான்கு வாரம் பார்ப்பது. அப்பா அதைத்தான் எடுத்தார்.

வரிசை போடுவது

ஓட்டெடுப்பு நடத்தலாமே என்று தோன்றும். நடத்தாதீர்கள். பிரெஞ்சு கணித அறிஞர் கொண்டோர்செ 1785ல் எழுதிவைத்த ஒரு சிக்கல் இங்கே அப்படியே வந்து நிற்கும். அப்பாவுக்குப் படம் முதலில், பிறகு எழுத்து, பிறகு நிறம். மகனுக்கு எழுத்து, நிறம், படம். மகளுக்கு நிறம், படம், எழுத்து. படமா எழுத்தா என்று கேட்டால் படம் 2க்கு 1 ஜெயிக்கிறது. எழுத்தா நிறமா என்றால் எழுத்து 2க்கு 1. அப்படியானால் படம் நிறத்தை ஜெயிக்க வேண்டும் இல்லையா? நிறமா படமா என்று கேட்டுப் பாருங்கள், நிறம் 2க்கு 1 ஜெயிக்கிறது. வட்டமாகச் சுற்றும், முதலிடமே கிடையாது. எந்தக் கேள்வியை முதலில் கேட்டீர்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறும், அது வீட்டில் யாராவது ஒருவருக்குக் கட்டாயம் புரிந்துவிடும்.

நான் போடும் மதிப்பெண் இரண்டே எண். அந்தப் பிரச்சனை ஒருவரை நோக்கத்திலிருந்து எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு 0 முதல் 3 வரை: தடுக்கவே இல்லை என்றால் 0, திரும்பிப் போக வைத்துவிடும் என்றால் 3. அடுத்து, வருபவர்களில் எத்தனை பேர் அதில் இடிப்பார்கள் என்பதற்கு 1 முதல் 3 வரை: சிலர், பாதிப் பேர், ஏறக்குறைய எல்லாரும். இரண்டையும் பெருக்குங்கள். சமமாக வந்தால் குறைந்த நேரத்தில் முடிவது முன்னால். எத்தனை பங்குதாரர்கள் அதைச் சொன்னார்கள் என்பதை நான் இதில் சேர்ப்பதில்லை. மூன்று பேர் நிறத்தைப் பற்றிப் பேசினார்கள், முதல் திரையில் சாமான் தெரியாததை மருமகள் ஒருவர் மட்டும்தான் சொன்னார், அதுவும் ரகசியமாக. தலையை எண்ணியிருந்தால் அது கடைசிக்குப் போயிருக்கும்.

இப்படி வந்தது பட்டியல்:

0. பிழைகள் இரண்டு, உடனே.
1. ஃபோனில் முதல் திரையில் சாமான் தெரிய வேண்டும். 3 × 3 = 9, மூன்று மணி நேரம். பட்டறை தொடங்கிய வருடமும் படமும் இதோடு சேர்ந்து. அதன் சொந்த மதிப்பெண் 2 × 2 = 4தான், ஆனால் அதே மேல்பகுதியை இரண்டு முறை பிரிக்க வேண்டாம் என்று ஒன்றாக வைத்தேன்.
2. எழுத்தின் மங்கலும் அளவும். 2 × 3 = 6, ஒரு மணி நேரம்.
3. மூன்று பொருளுக்கு விலை, நான்கு வாரச் சோதனை. 2 × 3 = 6, நான்கு மணி நேரம். அப்பா முடிவு சொல்லும் வரை இந்த இடம் காலியாக இருந்தது.
4. படிவம் இரண்டு படி. 3 × 2 = 6, ஐந்து மணி நேரம்.
5. டெலிவரிக்கு எத்தனை நாள் என்று பொருள் பக்கத்தில் ஒரு வரி. 2 × 2 = 4, ஒரு மணி நேரம்.
6. பின்னணி நிறம். தடை 0, மதிப்பெண் 0. அப்பா தேர்ந்தது, கடைசியில்.

இந்த எண்கள் துல்லியமான அளவு இல்லை, என் மதிப்பீடுதான். 6க்கும் 4க்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு யாரிடமும் வாதாட மாட்டேன். ஆனால் ஏன் அந்த எண் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி காரணம் எழுதி வைத்திருப்பேன். ஒருவர் வந்து "எங்க கிட்ட பேசுறவங்கள்ல பாதிப் பேர் லேப்டாப்லதான் பார்க்கிறாங்க" என்று சொன்னால் எண்ணை மாற்றுவேன். அது புதுத் தகவல். "எனக்கு இது முக்கியம்" என்று மட்டும் சொன்னால் எண் அப்படியே இருக்கும்.

பட்டியலைத் திருப்பிக் கொடுப்பது

ஒரே பக்கம், நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில். ஒவ்வொரு வரியிலும் என்ன மாறும், ஏன் மாறும் என்று மட்டும். பெயர் கிடையாது. வேறொரு வேலையில் ஒருமுறை பெயரோடு அனுப்பிவிட்டேன், அடுத்த இரண்டு நாளும் மாற்றங்களைப் பற்றி யாரும் பேசவில்லை, யாருடையது மேலே இருக்கிறது என்பதுதான் பேச்சு. அண்ணன் தம்பிக்குள் ஏற்கெனவே இருந்த பழைய வருத்தமெல்லாம் அந்த ஒரு தாளில் வந்து விழுந்தது.

ஆனால் பெயர் இல்லாத பட்டியலில் "நான் சொன்னது எங்க?" என்று தேடுவார்கள். அதற்காக ஒவ்வொருவருக்கும் தனியாகச் சின்னக் குறிப்பு ஒன்று அனுப்புங்கள். மருமகளுக்கு நான் அனுப்பியது: "நீங்க சொன்ன ஆறு விஷயத்துல லோகோ, சாமான் தெரியாதது ரெண்டும் 1ஆம் வரியில இருக்கு. டெலிவரி நாள் 5ல. படிவம் பத்திச் சொன்னது 4ல. பச்சை நிறம் எடுக்கலை, நிறத்துக்கு அப்பாகிட்ட கேட்டு முடிவு பண்ணினோம். மெனுவில பேர் மாத்தச் சொன்னதை அடுத்த சுற்றுக்கு வெச்சிருக்கேன்." எடுக்காததையும் இப்படிச் சொல்லிவிடுங்கள். எடுக்கவில்லை என்பதை மனிதர்கள் தாங்கிக்கொள்கிறார்கள், கேட்டதற்குப் பதிலே இல்லை என்பதைத்தான் தாங்குவதில்லை.

மறுப்புச் சொல்ல இரண்டு நாள் கொடுங்கள், அதற்கு ஒரே ஒரு விதி வையுங்கள்: ஒரு வரியை மேலே ஏற்ற வேண்டும் என்றால் எந்த வரி கீழே இறங்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாமே முதலில் வேண்டும் என்று சொல்வது இந்த ஒரு விதியில் நின்றுவிடுகிறது. மூத்த மகன் நிறத்தை மேலே கொண்டுவரக் கேட்டார், சரி, படிவத்தை இறக்கட்டுமா என்றேன், கொஞ்ச நேரம் கழித்து "வேண்டாம், இருக்கட்டும்" என்றார். அப்புறம் அப்பாவிடமிருந்து எழுத்தில் ஒரு "சரி" வாங்கினேன். ஃபோனில் சொன்னாலும், "நீங்க சொன்னபடி இந்த ஆறையும் இந்த வரிசையில ஆரம்பிக்கிறேன்" என்று நீங்களே எழுதி அனுப்பி, அதற்குப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

"சரி" வந்த பிறகும் கருத்துகள் வரும். சாப்பிடும்போது பேசிக்கொள்வார்கள், சொந்தக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு ஏதோ சொல்லியிருப்பார். பிழை என்றால் உடனே திருத்துங்கள். மற்றதெல்லாம் அதே ஷீட்டில் "அடுத்த சுற்று" என்ற இரண்டாவது தாளில், வந்த தேதியோடு. ஓடிக்கொண்டிருக்கும் பட்டியலுக்குள் நடுவில் ஒன்றைச் செருகினால் வரிசை கலைந்துவிடும், அதைப் பார்க்கும் மற்ற மூவரும் தங்களுடையதையும் செருகக் கேட்பார்கள்.

அந்தப் பட்டறை வேலையில் ஆறு வரியும் முடிய இரண்டு வாரம் ஆனது. "அடுத்த சுற்று" தாளில் அதற்குள் ஏழு வரி சேர்ந்திருந்தது. விலைச் சோதனைக்கு நான்கு வாரம் முடியும் நாளை அந்தத் தாளின் தலைப்பிலேயே எழுதிவைத்தேன். அன்றைக்கு மகளிடம் கேட்க வேண்டிய எண் இரண்டு: விலை போட்ட மூன்று பொருளுக்கு எத்தனை படிவம் வந்தது, அதில் எத்தனை பேர் விலையைப் பார்த்துவிட்டும் ஆர்டர் வரை வந்தார்கள். மகனிடம் ஒன்று: போட்ட விலையைக் காட்டி எத்தனை பேர் பேரம் பேசினார்கள். அந்த மூன்று எண்ணும் வந்த பிறகுதான் ஏழு வரிக்கும் மதிப்பெண் போட உட்கார்ந்தேன்.